மில்லிங்கில் எம்ஆர்ஆர் கணக்கும் மெஷினிங் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு பீன்யாவில் ஒரு ஜாப் ஒர்க்ஷாப்பில் கொட்டேஷன் போடுவதும் ப்ரோகிராம் எழுதுவதும் என் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வரும் தம்பிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே ஜாபைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன், அப்போதுதான் எண்கள் ஒன்றோடொன்று எப்படி இழுக்கின்றன என்று தெரியும்.

அந்த ஜாப் இதுதான். இஎன்8 பிளாக், நீளம் 200 மி.மீ. அதன் ஒரு ஓரத்தில் முழு நீளத்துக்கும் ஒரு ஸ்டெப் எடுக்க வேண்டும்: அகலம் 40 மி.மீ, ஆழம் 24 மி.மீ. மொத்தம் 50 பீஸ். மெஷின் 7.5 கிலோவாட் ஸ்பிண்டில் உள்ள விஎம்சி. கட்டர் 50 டயா, 90 டிகிரி ஷோல்டர் மில், நாலு இன்சர்ட்.

"அண்ணா, எம்ஆர்ஆர்னா என்ன, எந்த ஃபார்முலாவைப் போடணும்?"

ஒரு நிமிடத்தில் எவ்வளவு மெட்டீரியலைச் சிப்பாக வெளியே தள்ளுகிறோம் என்பதுதான் எம்ஆர்ஆர். கட்டர் முன்னேறும்போது ஜாபில் ஒரு செவ்வகப் பள்ளத்தை விட்டுக்கொண்டே போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அகலம், ஆழம், ஒரு நிமிடத்தில் டேபிள் நகரும் தூரம் மூன்றையும் பெருக்கினால் போதும், கன அளவு வந்துவிடும்.

```
n  = 1000 × vc / (π × D)
vf = n × z × fz
Q  = ae × ap × vf / 1000
```

இதில் `n` ஸ்பிண்டில் ஆர்பிஎம், `vc` வெட்டும் வேகம், `D` கட்டர் டயா, `z` பற்களின் எண்ணிக்கை, `fz` ஒரு பல்லுக்கான ஃபீடு, `ae` வெட்டும் அகலம், `ap` ஒரு பாஸில் இறங்கும் ஆழம், `vf` டேபிள் ஃபீடு. அகலமும் ஆழமும் மி.மீட்டரில், ஃபீடு நிமிடத்துக்கு மி.மீட்டரில் இருந்தால், 1000-ஆல் வகுத்தபின் `Q` நிமிடத்துக்குக் கன சென்டிமீட்டரில் வரும். அந்த 1000-ஐ விட்டுவிட்டால் கன மில்லிமீட்டர். இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பவர் கணக்குக்குப் போகும்போது எது கையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஜாபுக்குப் போட்டுப் பார்ப்போம். வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 180 மீட்டர், ஒரு பல்லுக்கு 0.12 மி.மீ, ஒரு பாஸுக்கு 3 மி.மீ ஆழம்.

```
n  = 1000 × 180 / (3.1416 × 50) = 1146  →  S1150
vf = 1150 × 4 × 0.12 = 552              →  F550
Q  = 40 × 3 × 550 / 1000 = 66
```

நிமிடத்துக்கு 66 கன சென்டிமீட்டர்.

"அகலம்னா கட்டர் டயாவைப் போடணுமா? நான் 50 போட்டேன், 82.5 வந்துச்சு."

கட்டர் 50 டயாவாக இருக்கலாம், ஆனால் மெட்டீரியலுக்குள் இருப்பது 40 மட்டுமே. மீதி 10 மி.மீ காற்றில் சுற்றுகிறது, அதற்குக் கணக்கில் இடமில்லை. முழு டயாவையும் போடும் ஒரே சந்தர்ப்பம், திடப் பிளாக்குக்குள் நேராக ஸ்லாட் அடிக்கும்போதுதான்.

டயா ஒளிந்திருக்கும் இடம் வேறு. அது `n` வழியாக உள்ளே வருகிறது. அதே வெட்டும் வேகத்தில் கட்டர் பெரிதானால் ஆர்பிஎம் குறையும், பற்களின் எண்ணிக்கையும் அதேயாக இருந்தால் ஃபீடும் குறையும்.

"ஸ்டெப்போட வால்யூமை எம்ஆர்ஆரால வகுத்தா டைம் வந்துடுமே, அதையே கொட்டேஷன்ல போடலாமா?"

போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

ஸ்டெப்பின் கன அளவு 200 × 40 × 24, அதாவது 192 கன சென்டிமீட்டர். 66-ஆல் வகுத்தால் 2.9 நிமிடம், சுமார் 2 நிமிடம் 55 விநாடி. கணக்கில் தப்பு எதுவும் கிடையாது, ஆனால் இது ரஃபிங் பல் மெட்டீரியலுக்குள் முழு அகலத்தில் இருக்கும் நேரம் மட்டும். இதைவிடக் குறைந்த நேரத்தில் இந்த ஃபீடிலும் இந்த ஆழத்திலும் முடியவே முடியாது என்று சொல்லும் தரைமட்ட எண். கட்டர் உள்ளே வர எடுக்கும் தூரம், வெளியே போக எடுக்கும் தூரம், திரும்பி வருவது, ஃபினிஷ், டூல் சேஞ்ச், ஜாபை மாட்டிக் கழற்றுவது என்று மற்ற எதுவும் இதில் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆர்டருக்கு இப்படித்தான் வால்யூமை வகுத்து நேரம் போட்டுக் கொடுத்தேன். ஆர்டரும் உடனே வந்தது, எங்கள் விலைதான் எல்லாரையும்விடக் குறைவு. மெஷின் ஓடியபோது ஒரு பீஸுக்கு நான் எழுதிய நேரத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆனது, முதலாளி அந்த விலைக்கே முழு ஆர்டரையும் முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நேரத்தை நான் வால்யூமிலிருந்து எடுப்பதே இல்லை, கட்டர் போகும் பாதையின் நீளத்திலிருந்துதான் எடுக்கிறேன்.

"சரி, பாதையை வச்சு டைம் எடுக்கிறது எப்படி?"

```
t = L / vf
```

இதில் `L` என்பது ஜாபின் நீளம் அல்ல, கட்டரின் மையம் ஃபீடில் நகரும் மொத்த தூரம்.

நம் 50 டயா கட்டரில் மையம் ஜாபின் ஓரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் 40 மி.மீ அகலம் என்பது அரை டயாவான 25-ஐவிட அதிகம். அதனால் கட்டரின் முன்மூக்கு ஜாபைத் தொடும்போது மையம் 25 மி.மீ பின்னால் இருக்கும். இடிக்காமல் இறங்க 5 மி.மீ சேர்த்தால் 30. மறுபக்கமும் கட்டர் முழுதாக வெளியே வரும்வரை ஓட்டினால் இன்னொரு 30. ஆக 200 + 30 + 30 = 260 மி.மீ.

ஒரு பாஸுக்கு 260 / 550 = 0.473 நிமிடம், 28 விநாடி சொச்சம். ஆழம் 24, பாஸுக்கு 3 என்றால் 8 பாஸ். மொத்தம் 3 நிமிடம் 47 விநாடி. வால்யூம் கணக்கு சொன்ன 2:55-க்கும் இதற்கும் உள்ள 52 விநாடி வித்தியாசம் முழுவதும் கட்டர் ஓரங்களில் உள்ளே நுழைந்து வெளியே வரும் தூரம்தான். ஜாப் 600 மி.மீ நீளமாக இருந்தால் இந்த 60 மி.மீ பெரிதாகத் தெரியாது. 80 மி.மீ ஜாபாக இருந்தால் கிட்டத்தட்டப் பாதி நேரம் இதிலேயே போய்விடும். சின்ன ஜாபில்தான் வால்யூம் கணக்கு ஆளை ரொம்ப ஏமாற்றும்.

அகலம் அரை டயாவுக்குக் கீழே இருந்தால் நுழையும் தூரம் 25 கிடையாது, √(ae × (D − ae)). அப்போது கட்டரின் மூக்கு ஜாபுக்கு வெளியே இருக்கும், பக்கவாட்டில்தான் முதல் தொடுதல் நடக்கும், அதனால் தூரம் குறைகிறது.

இதில் ஒரு சின்ன ஆதாயமும் இருக்கிறது. கட்டரின் மையம் மறுமுனை ஓரத்தைத் தாண்டிய உடனே அந்தப் பாஸில் வெட்ட வேண்டியது எல்லாம் வெட்டி முடிந்திருக்கும், பின்பாதி வட்டம் ஏற்கனவே வெட்டிய தரைமேல்தான் வருகிறது. ரஃபிங்கில் தரையில் கோடு விழுந்தாலும் பரவாயில்லை என்பதால் 30-க்குப் பதில் 3 மி.மீ தாண்டியதும் மேலே தூக்கிவிடலாம். பாஸுக்கு 27 மி.மீ மிச்சம், எட்டுப் பாஸுக்கு சுமார் 24 விநாடி. ஃபினிஷ் பாஸில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முழுதாக வெளியே ஓட்டிவிட்டுத் தூக்குங்கள். கீழே வரும் கணக்கில் நான் 260-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

"ஆழத்தை 3-லேர்ந்து 3.25 ஆக்கினேன், எம்ஆர்ஆர் 71 தாண்டுது, ஆனா சைக்கிள் டைம் ஒரு விநாடி கூட குறையல. ஏன்?"

24-ஐ 3.25-ஆல் வகுத்துப் பாருங்கள், 7.38. மெஷினுக்கு 7.38 பாஸ் ஓட்டத் தெரியாது, எட்டுதான் ஓட்டும். ஏழு பாஸ் 3.25-இலும் கடைசி பாஸ் 1.25-இலும் போகும். கடைசி பாஸில் சிப் குறைவு, ஆனால் டேபிள் அதே 260 மி.மீட்டரை அதே 550-இல்தான் கடக்கிறது.

ஏழு பாஸ் ஆக்க வேண்டுமானால் 24 / 7 = 3.43 வேண்டும். அதைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். எம்ஆர்ஆர் 75.5 ஆகிறது, நேரம் 28.4 விநாடி குறைந்து 3:19-க்கு வருகிறது. ஆழத்தை மாற்றும்போது முதலில் பாஸ் எண்ணிக்கை மாறுகிறதா என்று பாருங்கள். அது மாறவில்லையென்றால் இன்சர்ட்டைத்தான் அதிகமாக வருத்துகிறோம், நேரம் அப்படியேதான் இருக்கும்.

"அப்போ முழு சைக்கிள் டைம் எவ்வளவு வரும்? ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க."

ரஃபிங்கில் தரையிலும் சுவரிலும் 0.3 மி.மீ மிச்சம் வைப்போம். ரஃபிங் நேரத்தை அது ஒன்றும் செய்யாது என்பதால் கணக்கில் 40, 24 என்றே விட்டுவிடுகிறேன்.

ரஃபிங் 3:47. க்ளைம்ப் மில்லிங்காக ஒரே திசையில் வெட்டுவதால் ஒவ்வொரு பாஸுக்கும் தூக்கி, G00-வில் திரும்பி வந்து, மறுபடி இறங்க வேண்டும். ரேபிட் வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால் 260 மி.மீ ஒரு விநாடிகூட ஆகாது என்று தோன்றும். ஆனால் தூக்குவது, வேகம் எடுத்து நிற்பது, மெதுவாக இறங்குவது எல்லாம் சேர்ந்து எங்கள் மெஷினில் 4 விநாடி ஆகிறது. எட்டுக்கு 32 விநாடி. இதோடு 4:19.

தரை ஃபினிஷ் அதே கட்டரில் ஒரு பாஸ், பல்லுக்கு 0.08. ஃபீடு 1150 × 4 × 0.08 = 368. 260-ஐ வகுத்தால் 42 விநாடி. இப்போது 5:01.

சுவர் ஃபினிஷுக்கு 16 டயா சாலிட் கார்பைடு எண்ட் மில், நாலு ஃப்ளூட். வெட்டும் வேகம் 120 என்றால் 2400 ஆர்பிஎம், பல்லுக்கு 0.06, ஃபீடு 576. பாதை 226 மி.மீ என்று வையுங்கள், 24 விநாடி. 5:25. இரண்டு டூல் சேஞ்சுக்கு 16 விநாடி, ஆக 5:41. வைஸைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பேரலல் மேல் ஜாபைத் தட்டி உட்கார வைத்து, கதவு மூடுவதற்கு 2 நிமிடம். ஒரு பீஸ் 7 நிமிடம் 41 விநாடி.

50 பீஸுக்கு 384 நிமிடம். செட்டிங் 45 நிமிடம். இந்த மெட்டீரியலில் எங்களுக்குப் பத்துப் பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட் முனை திருப்ப வேண்டியிருக்கிறது, 50-க்கு நாலு முறை, தடவைக்கு 5 நிமிடம் என்றால் 20. மொத்தம் 449 நிமிடம், ஏழரை மணி நேரம். மெஷின் மணி ரேட்டை 600 ரூபாய் என்று வைத்தால் 4,490 ரூபாய். வால்யூமை மட்டும் வகுத்துப் போட்டிருந்தால் 50 பீஸுக்கு 146 நிமிடம், 1,460 ரூபாய். இந்த இடைவெளியைப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று புரியும்.

"ஃபினிஷ் பாஸுக்கும் எம்ஆர்ஆர் போட்டா 4 தான் வருது. தப்பா போட்டுட்டேனா?"

இல்லை, சரிதான். 0.3 × 24 × 576 / 1000 = 4.15. ஃபினிஷில் எம்ஆர்ஆர் என்பது உங்களுக்கு எதையும் சொல்லாத எண். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது பாதை நீளமும், எந்த ஃபீடில் சர்ஃபேஸ் கிடைக்கிறது என்பதும் மட்டும்தான். எம்ஆர்ஆரை ரஃபிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"எம்ஆர்ஆர்லேர்ந்து டைமே எடுக்கக் கூடாதுன்னா அதைக் கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?"

மெஷின் அந்த வெட்டைத் தாங்குமா என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லும். அதுதான் அதன் உண்மையான வேலை.

```
Pc = Q × kc / 60000
```

`Q` நிமிடத்துக்குக் கன சென்டிமீட்டரில், `kc` சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில், விடை கிலோவாட்டில். `kc` என்பது அந்த மெட்டீரியலைச் சிப்பாக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற எண். இது மெட்டீரியலுக்கு ஒரே நிலையான எண் கிடையாது, சிப் மெலிய மெலிய ஏறும். இஎன்8-க்கு ஒரு மி.மீ தடிமன் சிப்பில் 1700 அளவில் இருக்கும், ஆனால் நம் வெட்டில் சராசரி சிப் தடிமன் 0.09-க்கும் சற்றுக் குறைவு, அங்கே அது 2800 பக்கம் போய்விடுகிறது. அட்டவணையில் 1700 என்று பார்த்துவிட்டு அதையே போடுகிறவர்களுக்குப் பவர் அறுபது சதவீதமாகத் தெரிவது இதனால்தான்.

66 × 2800 / 60000 = 3.1 கிலோவாட், பல்லின் முனையில். பெல்ட், பேரிங் நஷ்டத்துக்கு 0.8-ஆல் வகுத்தால் மோட்டாரில் 3.9. ஸ்பிண்டில் 7.5 கிலோவாட், தாராளம் என்று தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 7.5 என்பது பேஸ் ஸ்பீடுக்கு மேல்தான் முழுதாகக் கிடைக்கும். பல விஎம்சிகளில் போல் இந்த மெஷினிலும் பேஸ் ஸ்பீடு 1500 ஆர்பிஎம். நாம் ஓடுவது 1150-இல். கிடைப்பது 7.5 × 1150 / 1500 = 5.75 கிலோவாட். 3.9-க்கு இது போதும். ஆனால் ஆழத்தை 6 மி.மீ ஆக்கினால் மோட்டாரில் 7.7 வேண்டும், ஸ்பிண்டில் இறங்கி நின்றுவிடும், இன்சர்ட்டும் போய்விடும். மெஷின் பலகையில் எழுதியிருக்கும் கிலோவாட்டை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள், மேனுவலில் பவர் கிராஃப் இருக்கும், உங்கள் ஆர்பிஎம்முக்கு நேரே என்ன என்று பாருங்கள்.

"எம்ஆர்ஆரை ஏத்தணும்னா ஆழத்தை ஏத்தறதா, ஃபீடை ஏத்தறதா? ரெண்டும் பெருக்கல்தானே."

பெருக்கலில் இரண்டும் ஒன்றுதான், மெஷினுக்கு ஒன்றல்ல. ஆழத்தை 50 சதவீதம் ஏற்றினால் சிப் அகலமாகிறது, தடிமன் மாறாது, ஆகவே பவரும் 50 சதவீதம் ஏறும். ஃபீடை ஏற்றினால் சிப் தடிக்கிறது, தடித்தால் `kc` இறங்குகிறது. பல்லுக்கு 0.12-இலிருந்து 0.18-க்குப் போனால் எம்ஆர்ஆர் 66-இலிருந்து 99 ஆகிறது, ஆனால் `kc` 2550 பக்கம் வருவதால் பவர் 3.1-இலிருந்து 4.2-க்குத்தான் ஏறும். மோட்டாரில் 5.3, கிடைப்பது 5.75, நுழைந்துவிடுகிறது.

நேரத்திலும் ஃபீடுதான் நேராக வேலை செய்கிறது. ஃபீடு 830 என்றால் பாஸுக்கு 19 விநாடி, எட்டுக்கு 2:30. ஓரத்துக் காற்றுத் தூரமும் வேகமாகக் கடக்கிறது, பாஸ் எண்ணிக்கை முழு எண்ணாக வர வேண்டும் என்ற சிக்கலும் இல்லை. அதனால் என் வழக்கம், இன்சர்ட் பெட்டியில் எழுதியிருக்கும் ஃபீடு வரம்பின் மேல்பாதிக்கு முதலில் போவது, அப்புறம்தான் ஆழம். இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: வைஸ் பிடிப்பு திடமாக இருக்க வேண்டும். மெல்லிய ஜாபையோ உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஜாபையோ 0.18-இல் அடித்தால் அது தூக்கிக்கொண்டு வரும்.

"ஆபரேட்டர் ஸ்பிண்டில் ஸ்பீடை 80 சதவீதம் குறைச்சு வச்சிருக்கார், ஆனா டைம் மாறல, எம்ஆர்ஆரும் மாறலைங்கறார். உண்மையா?"

80 சதவீதத்தில் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன், நான்கில் மூன்று பேர் இதை இப்படித்தான் சொல்கிறார்கள். அவர் சொல்வது உண்மை, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எம்ஆர்ஆர் சூத்திரத்தில் ஆர்பிஎம் நேராக வரவில்லை, டேபிள் ஃபீடுதான் வருகிறது. F550 அப்படியே இருக்க ஸ்பிண்டில் 920-க்கு இறங்கினால் 550 / (920 × 4) = 0.149. பல்லுக்கு 0.12 போக வேண்டிய இடத்தில் 0.15 போகிறது. எம்ஆர்ஆர் அதே 66, ஒவ்வொரு பல்லின் சுமை மட்டும் கால்வாசி கூடுதல்.

இதே கதைதான் இன்சர்ட் விஷயத்திலும். ஒரு இன்சர்ட் உடைந்துவிட்டால் அதற்குப் பின்னால் வரும் பல் இரண்டு பல்லின் வேலையைச் செய்கிறது, 0.24. சத்தம் சீராக இல்லாமல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிற மாதிரி கேட்கும், தரையிலும் ஒரு அகலமான கோடு, இரண்டு குறுகலான கோடு என்று மாறி மாறித் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் அந்தப் பாஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்சர்ட் கையிருப்பு இல்லை என்று மூன்றை மட்டும் மாட்டி ஓட்டுவதாக இருந்தால், ஃபீடைக் குறைத்தால் மட்டும் தீராது, நடுவில் ஒரு காலி இடம் இருப்பதால் அடுத்த பல்லுக்கு இரட்டைச் சுமைதான். நான் அப்படி ஓட்ட விடுவதில்லை.

ஃபீடு ஓவர்ரைடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை 70-இல் வைத்தால் 3:47 ரஃபிங் 5:24 ஆகிவிடும். நீங்கள் போட்ட நேரமும் மெஷின் காட்டும் நேரமும் ஒத்துப்போகவில்லையென்றால் கணக்கைச் சந்தேகப்படும் முன் அந்தக் குமிழைப் பாருங்கள்.

"சைடு அகலத்தைக் கம்மியா எடுத்து முழு ஆழத்துல வேகமா ஓட்டறாங்களே, அது இதைவிட நல்லதா?"

16 டயா சாலிட் கார்பைடில் போட்டுப் பார்க்கலாம். முழு 24 மி.மீ ஆழம், அகலம் 1.6 மி.மீ. இவ்வளவு குறைந்த அகலத்தில் பல் ஒரு குறுகிய வில்லைத்தான் வெட்டுகிறது, அதனால் நாம் கொடுக்கும் 0.06 ஃபீடு உண்மையில் அவ்வளவு தடிமன் சிப்பாக வராது. எவ்வளவு வரும் என்பதற்கு 2 × √(ae × (D − ae)) / D என்று ஒரு காரணி உண்டு, இங்கே அது 0.6. ஆகவே 0.06 தடிமன் சிப் வேண்டுமென்றால் பல்லுக்கு 0.06 / 0.6 = 0.10 கொடுக்க வேண்டும். இதைக் கொடுக்காமல் விட்டால் பல் வெட்டாமல் தேய்க்கும், சிப் தூள் மாதிரி விழும், டூல் சீக்கிரம் மழுங்கும்.

வெட்டும் வேகம் 150 வைத்தால் 3000 ஆர்பிஎம், ஃபீடு 1200. எம்ஆர்ஆர் 1.6 × 24 × 1200 / 1000 = 46. அகலம் 40-ஐ 1.6-ஆல் வகுத்தால் 25 பாஸ், ஒவ்வொன்றும் 220 மி.மீ, 11 விநாடி. வெட்டு 4:35, இருபத்தைந்து முறை திரும்பி வருவதற்கு விநாடி இரண்டு வீதம் 50 விநாடி, ஆக 5:25. ஷோல்டர் மில் 4:19-இல் முடித்துவிட்டது.

ஆகவே இந்த ஜாபுக்கு இந்த மெஷினில் அது லாபமில்லை. ஆழமான, சின்ன மூலை உள்ள பாக்கெட் என்றால் 50 டயா உள்ளே நுழையவே முடியாது, அங்கே இந்த முறை தனி ராஜ்ஜியம் நடத்தும். ஸ்பிண்டில் சின்னதாக, வேகமாக இருக்கும் மெஷினிலும் அப்படித்தான்.

"இதே ஸ்டெப் அலுமினியத்துல வந்தா?"

முறை அதேதான். `kc` 800 பக்கம் இருப்பதால் 66 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவாட்கூட வேண்டாம். அங்கே பவர் தடையாக இருக்காது. ஸ்பிண்டிலின் அதிகபட்ச ஆர்பிஎம், சிப்பை வெளியே தள்ளும் கூலன்ட், சிப் குவிவது ஆகியவைதான் உங்களை நிறுத்தும். எம்ஆர்ஆர் ஏற ஏற வெட்டும் நேரம் சுருங்கி, மாட்டிக் கழற்றும் 2 நிமிடம் சைக்கிளில் பெரும்பங்காகிவிடும், அப்போது இரண்டு வைஸ் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"F550-ன்னு போட்டு சிங்கிள் பிளாக்ல ஓட்டினேன், டேபிள் ராக்கெட் மாதிரி பாய்ஞ்சுது. என்ன நடந்தது?"

G95 ஆனில் இருந்திருக்கிறது. அதில் F என்பது ஒரு சுற்றுக்கு மி.மீ, ஆகவே மெஷின் உங்கள் 550-ஐச் சுற்றுக்கு 550 என்று எடுத்துக்கொண்டு முடிந்த அதிகபட்ச வேகத்துக்குப் போகப் பார்க்கிறது. முந்தைய ப்ரோகிராமில் யாராவது டேப்பிங்குக்காக G95 போட்டுவிட்டு மாற்றாமல் விட்டிருப்பார்கள். உங்கள் ப்ரோகிராமின் பாதுகாப்பு வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்:

```
G90 G94 G17 G40 G49 G80
```

"கணக்குப் போட்ட டைம் சரிதானான்னு எப்படி செக் பண்றது?"

முதல் பீஸில் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் மொத்த நேரத்தை மட்டும் அளக்காதீர்கள். ஒரே ஒரு ரஃபிங் பாஸ், ஒரே ஒரு திரும்பி வருதல், ஒரு டூல் சேஞ்ச், ஒரு மாட்டிக் கழற்றல் என்று தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பாஸ் 28 விநாடிக்குப் பதில் 40 காட்டினால் ஓவர்ரைடோ ஃபீடோ தப்பு. பாஸ் சரியாக இருந்து மொத்தம் ஏறியிருந்தால் திரும்பி வருவதிலோ இறங்குவதிலோ நேரம் போகிறது, பெரும்பாலும் யாரோ G01-இல் இறங்கும் தூரத்தை 50 மி.மீ என்று வைத்திருப்பார்கள்.

அப்படியே ஸ்பிண்டில் லோடு மீட்டரையும் பாருங்கள். அது காட்டும் சதவீதம் எதன் சதவீதம் என்பது கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் மாறும், அதனால் அதை வைத்துக் கிலோவாட் கண்டுபிடிக்க முயல்வதைவிட, முதல் பீஸின் மூன்றாவது பாஸில் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்வது மேல். எம்ஆர்ஆர் மாறாதபோது அதே பாஸில் மீட்டர் 45-இலிருந்து 60-க்கு ஏறியிருந்தால் இன்சர்ட் மழுங்கியிருக்கிறது. எங்களுக்கு அந்தப் பத்துப் பீஸ் கணக்கு கிடைத்ததே இப்படிக் குறித்துக் குறித்துத்தான். அந்த எண்களை ஜாப் கார்டின் பின்பக்கமே எழுதி வைத்தோம், அடுத்த முறை அதே கஸ்டமர் 80 பீஸ் கேட்டு வந்தபோது புதிதாக எதையும் யூகிக்க வேண்டியிருக்கவில்லை.